மேலாளர் கேட்பது ஏற்ற இறக்கமா, ஒப்பீடா? அறிக்கைக்கு ஏற்ற சார்ட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

"விற்பனை விவரத்தை ஒரு சார்ட்டாப் போட்டு அனுப்புங்க" என்று மேலாளர் சொன்னதும், வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். எக்செல்லில் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுத்து, Insert பக்கத்துக்குப் போய், அங்கே வரிசையாக இருக்கும் படங்களில் கண்ணுக்குப் பிடித்ததைச் சொடுக்குகிறார்கள். சார்ட் வந்துவிடும். அதைப் பார்த்த மேலாளர் ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் அந்தச் சார்ட்டில் இருக்காது.

சார்ட்டின் வகையை முடிவு செய்வது அவருடைய கேள்விதான், அட்டவணை அல்ல. ஒரே அட்டவணையிலிருந்து நான்கு விதமான சார்ட் போடலாம், நான்கும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லும். ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

மின்விசிறி, மிக்ஸி, கிரைண்டர், பிரிட்ஜ் விற்கும் ஒரு கடைக்கு ஐந்து கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் பயிற்சிக்காக நான் எழுதியவை, லட்சம் ரூபாயில்.

| கிளை | 2023 | 2024 |
|---|---|---|
| மதுரை | 266 | 271 |
| திருநெல்வேலி | 169 | 198 |
| தூத்துக்குடி | 149 | 142 |
| நாகர்கோவில் | 121 | 137 |
| விருதுநகர் | 79 | 93 |
| மொத்தம் | 784 | 841 |

இதே மொத்தத்தை மாதவாரியாகப் பிரித்தால்:

| | 2023 | 2024 |
|---|---|---|
| ஜனவரி | 62 | 66 |
| பிப்ரவரி | 48 | 52 |
| மார்ச் | 55 | 60 |
| ஏப்ரல் | 71 | 80 |
| மே | 78 | 85 |
| ஜூன் | 60 | 63 |
| ஜூலை | 54 | 57 |
| ஆகஸ்ட் | 57 | 60 |
| செப்டம்பர் | 61 | 66 |
| அக்டோபர் | 84 | 132 |
| நவம்பர் | 96 | 59 |
| டிசம்பர் | 58 | 61 |

## முதலில் கேள்வியை ஒரு வாக்கியமாக எழுதுங்கள்

எக்செல்லைத் தொடும் முன் ஒரு காகிதத்தில் மேலாளரின் கேள்வியை முழு வாக்கியமாக எழுதுங்கள். "விற்பனை நிலவரம்" என்று எழுதினால் அது தலைப்பு, கேள்வி ஆகாது. "போன வருஷத்தைவிட இந்த வருஷம் வியாபாரம் ஏறியிருக்கிறதா?", "எந்தக் கிளை அதிகம் விற்கிறது?", "எந்தக் கிளை வளர்ந்தது, எது சரிந்தது?" என்பவைதான் கேள்விகள். மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மூன்றுக்கும் மூன்று சார்ட் வேண்டும்.

வாக்கியத்தை எழுதியதும், அதில் எது அடுக்கப்படுகிறது என்று பாருங்கள். மாதம், வாரம், வருஷம் என்று காலம் அடுக்கப்பட்டால் அது ஏற்ற இறக்கக் கேள்வி, அதற்குக் கோடு. கிளை, பொருள், விற்பனையாளர் என்று பெயர்கள் அடுக்கப்பட்டால் அது ஒப்பீட்டுக் கேள்வி, அதற்குப் பட்டை. காலத்தின் வரிசையை நாம் மாற்ற முடியாது, மார்ச்சுக்கு அப்புறம் ஏப்ரல்தான். கிளைகளுக்கு அப்படி ஓர் இயற்கையான வரிசை கிடையாது. மதுரையையும் திருநெல்வேலியையும் ஒரு கோடு இணைத்தால், இடையில் ஏதோ நகர்ந்தது போலக் கண் எடுத்துக்கொள்ளும். நகர்ந்தது எதுவும் இல்லை.

இந்தப் பிரிவினை சார்ட்டுகள் பிறந்த காலத்திலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வரைபட நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பல ஆண்டுகளுக்குக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவருக்கு ஓர் ஆண்டுக் கணக்குதான் கிடைத்தது. காலம் இல்லாததால் கோடு போட வழியில்லை, அதனால் ஒவ்வொரு நாட்டுடனும் நடந்த வணிகத்தைப் பட்டைகளாக அடுக்கினார். பார் சார்ட் இப்படித்தான் வந்தது. அதை ஒரு குறையாகவே அவர் கருதினாராம். இன்று அலுவலகத்தில் அதிகம் புழங்குவது அந்தக் 'குறை'தான்.

## அட்டவணையைச் சரியாக அடுக்குங்கள்

இதில் நின்று பேச அதிகம் இல்லை. ஆனால் இரண்டு சின்ன விஷயங்கள் புதியவர்களை அடிக்கடி மாட்டிவிடுகின்றன.

மாதங்கள் கீழ்நோக்கி வரட்டும், வருஷங்கள் மேலே தலைப்பாக நிற்கட்டும், இடது மேல் மூலையில் உள்ள கட்டத்தைக் காலியாக விடுங்கள். அங்கே 'மாதம்' என்று எழுதிவிட்டால், தலைப்பில் இருக்கும் 2023, 2024 ஆகியவற்றையும் விற்பனை எண் என்று எக்செல் நினைத்துவிட வாய்ப்பு உண்டு. 62க்கும் 48க்கும் நடுவே 2023 வந்து நின்றால், மற்றதெல்லாம் தரையோடு ஒட்டிப்போகும்.

இரண்டாவது, 'மொத்தம்' வரிசையைத் தேர்வில் சேர்க்காதீர்கள். 841 என்ற பட்டை பக்கத்தில் நின்றால் ஐந்து கிளைகளும் குள்ளமாகிவிடும்.

## ஏற்ற இறக்கம்: ஒரே நீளக் கோடா, இரண்டு கோடுகளா?

"வியாபாரம் ஏறியிருக்கிறதா?" என்பதற்கு லைன் சார்ட். அதிலும் இரண்டு வழி உண்டு. 24 மாதங்களையும் ஒரே கோடாக இழுக்கலாம். அல்லது ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒரே அச்சில் வைத்து, 2023க்கு ஒரு கோடு, 2024க்கு ஒரு கோடு என்று மேலும் கீழுமாகப் போடலாம்.

நம் கடையின் வியாபாரம் சீசனைச் சார்ந்தது. பிப்ரவரியில் இறங்கும், ஏப்ரல் மே வெயிலுக்கு ஏறும், தீபாவளிக்கு உச்சம் தொடும். 24 மாதங்களை ஒரே கோடாக இழுத்தால் இரண்டு மலைத்தொடர்கள் மாதிரி வரும், இரண்டாவது உயரமா என்பது கண்ணுக்குத் தெரியாது. 7 சதவீத வளர்ச்சி அந்த மேடு பள்ளத்தில் காணாமல் போய்விடும். இரண்டு கோடுகளாகப் போட்டால் ஜனவரிக்கு மேல் ஜனவரி, மே மாதத்துக்கு மேல் மே என்று நேராக நிற்கும். செப்டம்பர் வரை 2024இன் கோடு 2023இன் கோட்டுக்கு மேலேயே போவது ஒரே பார்வையில் தெரியும். சீசன் இருக்கும் வியாபாரத்துக்கு இரண்டு கோடுகளே சரி.

செய்முறை எளிது. மாத அட்டவணையைத் தேர்ந்தெடுத்து Insert, அதில் Line. கோடுகள் பன்னிரண்டாக வந்து, கீழே 2023, 2024 என்று இரண்டு புள்ளிகள் மட்டும் தெரிந்தால் பதறவேண்டாம். Chart Design பக்கத்தில் Switch Row/Column என்பதைச் சொடுக்கினால் திரும்பிவிடும்.

இப்போது சார்ட்டைப் பாருங்கள். செப்டம்பர் வரை அமைதியாகப் போன இரண்டு கோடுகளும் அக்டோபரில் பிரிகின்றன. 2024 கோடு 132க்குத் தாவி, நவம்பரில் 59க்கு விழுகிறது. இதை அப்படியே அனுப்பினால் மேலாளரிடமிருந்து என்ன வரும் என்று தெரியும்: "என்னப்பா, நவம்பர்ல இப்படி விழுந்திருக்கு?"

கணக்குப்படி நவம்பர் 96இலிருந்து 59க்கு, அதாவது கிட்டத்தட்ட 39 சதவீதம் சரிவு. ஆனால் வியாபாரம் எதுவும் சரியவில்லை. 2023இல் தீபாவளி நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31. 2023இல் தீபாவளி வியாபாரம் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் பத்து நாளிலுமாகப் பிரிந்தது. 2024இல் மொத்தமும் அக்டோபருக்குள்ளேயே முடிந்தது. அக்டோபர், நவம்பர் இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: 2023இல் 180, 2024இல் 191. 6 சதவீதம் ஏற்றம்தான். எண்ணில் எந்தத் தப்பும் இல்லாமல், சரியான சார்ட் வகையிலேயே, தப்பான செய்தி போகும் இடம் இது.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அவசர அறிக்கை என்றால், கோட்டின் உச்சிகளுக்குப் பக்கத்திலேயே 'தீபாவளி நவ. 12', 'தீபாவளி அக். 31' என்று எழுதிவிடுங்கள். கொஞ்சம் நேரம் இருந்தால், அக்டோபரையும் நவம்பரையும் ஒரே புள்ளியாக்கி, அதன் மாதச் சராசரியைப் போடலாம்: 90, 95.5. இந்தச் சராசரி வேண்டும், ஏனென்றால் 180 என்ற கூட்டுத்தொகையை அப்படியே வைத்தால் மற்ற ஒற்றை மாதங்களுக்குப் பக்கத்தில் அது பொய்யான கோபுரமாக நிற்கும்.

மூன்றாவது வழிக்குத் தினசரி விற்பனைக் கணக்கு கையில் இருக்கவேண்டும். கீழ் அச்சில் மாதத்துக்குப் பதிலாக 'தீபாவளிக்கு 6 வாரம் முன்பு, 5 வாரம் முன்பு' என்று வைத்து இரண்டு வருஷத்தையும் போடுவது. பண்டிகை வியாபாரத்தைப் பற்றி மட்டும் மேலாளர் கேட்டால் இதுதான் உண்மையான ஒப்பீடு. கூட்டம் எந்த வாரத்தில் வர ஆரம்பித்தது என்பதும் இதில் தெரிந்துவிடும், அடுத்த வருஷம் சரக்கு எப்போது இறக்குவது என்பதற்கு அது உதவும்.

எல்லாப் பண்டிகைக்கும் இந்தத் தொல்லை கிடையாது. பொங்கல் எப்போதும் ஜனவரி நடுவில்தான், ஆடித் தள்ளுபடியும் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். இவை சூரிய மாதக் கணக்கில் வருவதால் நகர்வதில்லை. தீபாவளி அமாவாசையைப் பார்த்து வருவதால் அக்டோபருக்கும் நவம்பருக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும். 2022இல் அக்டோபர் 24, 2025இல் அக்டோபர் 20. ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய 11 நாள் முன்னே வருகிறது. நீங்கள் ஜவுளியிலோ பிரியாணி அரிசியிலோ இருந்தால் அதையும் கவனிக்கவேண்டும்.

சீசனையே நீக்கிவிட்டு, அடியில் ஓடும் போக்கை மட்டும் காட்ட ஒரு பழைய உத்தி உண்டு: ஒவ்வொரு மாதத்துக்கும் அதோடு சேர்த்துக் கடந்த 12 மாதங்களின் கூட்டுத்தொகையைப் போடுவது. 24 மாதங்களையும் ஒரே நெடுவரிசையில் B2 முதல் B25 வரை எழுதிக்கொண்டு, 2023 டிசம்பருக்கு நேராக இதை எழுதிக் கீழே இழுக்கவேண்டும்.

```
=SUM(B2:B13)
```

784இல் தொடங்கி 788, 792, 797 என்று மெதுவாக ஏறும், ஒவ்வொரு 12 மாதத்திலும் ஒரு பொங்கலும் ஒரு கோடையும்தான் இருக்கும் என்பதால். செப்டம்பரில் 827. அடுத்து அக்டோபரில் திடீரென்று 875, நவம்பரில் மறுபடி 838. என்ன ஆயிற்று? 2023 நவம்பரிலிருந்து 2024 அக்டோபர் வரை எடுத்தால் அந்த 12 மாதத்துக்குள் இரண்டு தீபாவளி வியாபாரம் மாட்டிக்கொள்கிறது. தீபாவளி இந்த உத்தியையும் ஏமாற்றிவிடும். அந்த ஒரு புள்ளிக்குக் குறிப்பு எழுதாமல் அனுப்பாதீர்கள்.

கோட்டின் கடைசி நுனியையும் ஒரு தடவை பாருங்கள். மாதம் 10ஆம் தேதி அறிக்கை போட்டால் நடப்பு மாதத்தின் எண் பத்து நாளுக்கு உரியது, கோடு பள்ளத்தில் விழுந்ததுபோல் முடியும். முடியாத மாதத்தை விட்டுவிடுவதே நல்லது. வேறு கட்டத்திலிருந்து சூத்திரம் வழியாக எண் எடுக்கிறீர்கள் என்றால், இன்னும் வராத மாதங்களைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு எக்செல் கோட்டைத் தரைக்கு இழுக்கும். கட்டத்தில் "" என்று வெற்று எழுத்து இருந்தாலும் அப்படித்தான். அதற்கு மாற்று:

```
=IF(C13="",NA(),C13)
```

கட்டத்தில் #N/A என்று அசிங்கமாகத் தெரியும், ஆனால் கோடு கடைசி உண்மையான எண்ணோடு நின்றுவிடும்.

## ஒப்பீடு: படுத்த பட்டை, பெரியது மேலே

"எந்தக் கிளை அதிகம் விற்கிறது?" இதற்குப் பலரும் பை சார்ட்டைத்தான் எடுக்கிறார்கள். மொத்தத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதால் வட்டம் பொருத்தமாகத் தோன்றும். நம் கணக்கில் தூத்துக்குடி 142, நாகர்கோவில் 137. வட்டத்தில் இவை 16.9 சதவீதத் துண்டும் 16.3 சதவீதத் துண்டும். எது பெரியது என்று கண்ணால் சொல்லவே முடியாது. எண்ணை எழுதினால்தான் தெரியும் என்றால் அப்புறம் வட்டம் எதற்கு, அட்டவணையே போதுமே.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் அளவுகளை மனிதர்கள் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறார்கள் என்றும், கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடும்போது அதிகம் பிசகுகிறார்கள் என்றும் வரிசைப்படுத்தினார்கள். பட்டை முதல் வகை, வட்டத்துண்டு இரண்டாம் வகை. பை சார்ட்டை முழுக்க ஒதுக்கச் சொல்லவில்லை. 'ரொக்கமா, தவணையா' என்று இரண்டே துண்டுகள், அதில் ஒன்று முக்கால்வாசி என்றால் வட்டம் அழகாகவே சொல்லும். ஐந்து கிளைக்கு வேண்டாம்.

பட்டையை நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? 'திருநெல்வேலி', 'நாகர்கோவில்' போன்ற பெயர்கள் நின்ற பட்டைக்கு அடியில் இடம் போதாமல் சாய்ந்துவிடும். மேலாளர் கழுத்தைச் சாய்த்துப் படிக்கவேண்டிவரும். அதனால் படுத்த பட்டை. Insert போய், Bar வகையில் Clustered Bar. அதற்கு முன் அட்டவணையைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்துங்கள்.

சார்ட் வந்ததும் ஒரு வேடிக்கை நடக்கும். அட்டவணையில் மேலே இருக்கும் மதுரை சார்ட்டில் அடியில் கிடக்கும். படுத்த பட்டையில் எக்செல் கீழிருந்து மேலாகத்தான் அடுக்கும். கிளைப் பெயர்கள் உள்ள அச்சை வலது சொடுக்கி Format Axis போய், Categories in reverse order என்பதைத் தேர்ந்தெடுத்தால் மதுரை மேலே வந்துவிடும். எண் அச்சு அதோடு சேர்ந்து உச்சிக்குப் போகும், கவலை இல்லை. ஒவ்வொரு பட்டையின் முனையிலும் Data Labels வழியாக எண்ணைப் போட்டுவிட்டு எண் அச்சையே அழித்துவிடலாம்.

அழிக்கும் முன் அது பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். பட்டையில் கண் அளப்பது நீளத்தை. அடியை வெட்டினால் நீளம் பொய்யாகிவிடும். தூத்துக்குடியையும் நாகர்கோவிலையும் மட்டும் எடுத்து அச்சை 130இல் தொடங்கினால், பட்டைகளின் நீளம் 12க்கு 7 என்று ஆகும். 4 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், ஒன்று இன்னொன்றைப் போல ஒன்றே முக்கால் மடங்கு என்று தெரியும். இதை யாரும் வேண்டுமென்று செய்யத் தேவையில்லை, எக்செல் தானாகவே செய்யும். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள இடைவெளி, பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைவிடக் குறைவாக இருந்தால், அச்சின் தொடக்கத்தை அது பூஜ்யத்திலிருந்து தூக்கிவிடும். Format Axis இல் Minimum என்ற இடத்தில் 0 என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

கோட்டுக்கு இந்தச் சட்டம் அவ்வளவு கடுமையாக இல்லை. கோட்டில் நாம் பார்ப்பது அதன் சாய்வை, உயரத்தை அல்ல. 780க்கும் 880க்கும் நடுவே ஓடும் 12 மாதக் கூட்டுத்தொகையைப் பூஜ்யத்திலிருந்து போட்டால் தட்டையான கோடுதான் கிடைக்கும். அங்கே அச்சை 750இல் தொடங்கலாம், அதை அச்சின் எண்கள் தெளிவாகக் காட்டும்படி வைத்தால் போதும்.

இன்னொரு சின்ன வசதி. விற்பனை முழு ரூபாயில் இருந்தால் அச்சில் 27100000 என்று நீண்டு கிடக்கும். Format Axis இல் Display units என்ற இடத்தில் 100000 என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் லட்சமாகிவிடும். பக்கத்தில் எக்செல் எழுதும் குறிப்பைத் திருத்தி 'லட்சம் ரூபாய்' என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

## இரண்டும் கலந்த கேள்வி

"எந்தக் கிளை வளர்ந்தது, எது சரிந்தது?" இங்கே பெயரும் இருக்கிறது, காலமும் இருக்கிறது. புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

வழக்கமாகச் செய்வது ஒவ்வொரு கிளைக்கும் 2023க்கு ஒரு பட்டை, 2024க்கு ஒரு பட்டை என்று இரட்டைப் பட்டை. பத்து பட்டைகள். தப்பில்லை, ஆனால் வளர்ச்சியைக் கண்டுபிடிக்க மேலாளர் ஐந்து தடவை கழிக்கவேண்டும். அதோடு மதுரையின் பட்டைகளே பெரிதாகத் தெரிவதால் கண் அங்கேயே போய் நிற்கும். மதுரையிலோ 266இலிருந்து 271, சொல்வதற்கு ஒன்றுமே இல்லை.

அந்தக் கழித்தலை நீங்களே செய்துவிடுங்கள். மாற்றத்தை மட்டும் ஒரு நெடுவரிசையாக எடுங்கள்: திருநெல்வேலி +29, நாகர்கோவில் +16, விருதுநகர் +14, மதுரை +5, தூத்துக்குடி −7. இதைப் படுத்த பட்டையாகப் போட்டால், நான்கு பட்டைகள் வலப்பக்கம் போகும், தூத்துக்குடி மட்டும் இடப்பக்கம் போகும். கேள்விக்குப் பதில் கேட்டபடியே வந்துவிட்டது. கிளைப் பெயர் இடப்பக்கப் பட்டைமேல் ஏறிக்கொள்ளும். அந்த அச்சின் Label Position என்பதை Low என்று மாற்றினால் ஓரத்துக்குப் போய்விடும்.

ரூபாயிலா, சதவீதத்திலா? இதை யோசிக்காமல் விடாதீர்கள், வரிசையே மாறிவிடும். ரூபாயில் திருநெல்வேலி முதல், விருதுநகர் மூன்றாவது. சதவீதத்தில் விருதுநகர் 17.7, திருநெல்வேலி 17.2 என்று விருதுநகர் முந்திவிடும். பணம் எங்கிருந்து வந்தது என்பது கேள்வி என்றால் ரூபாய். கிளை மேலாளர்களின் உழைப்பை எடைபோடுகிறார் என்றால் சதவீதம். இரண்டையும் ஒரே சார்ட்டில் திணிக்காமல், ஒன்றைப் பட்டையாகப் போட்டு மற்றதைப் பெயருக்குப் பக்கத்தில் எண்ணாக எழுதலாம்.

இருந்த இடமும் தெரியவேண்டும், நகர்ந்த திசையும் தெரியவேண்டும் என்றால் லைன் சார்ட்டிலேயே வழி உண்டு. கீழ் அச்சில் 2023, 2024 என்று இரண்டே புள்ளிகள், கிளைக்கு ஒரு கோடு. ஐந்து கோடுகளில் நான்கு ஏறும், ஒன்று இறங்கும். இறங்குகிற தூத்துக்குடிக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுத்து, மற்றவற்றைச் சாம்பல் நிறமாக்குங்கள். தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் இருந்த 28 லட்சம் இடைவெளி 5 லட்சமாகச் சுருங்கியிருப்பது இந்தச் சார்ட்டில் பளிச்சென்று தெரியும். மாற்றத்தை மட்டும் காட்டிய பட்டையில் இது தெரியாது.

அடுத்து மேலாளர் "தூத்துக்குடி எந்த மாசத்துல இருந்து இறங்குது?" என்று கேட்பார், கேட்டே தீருவார். ஐந்து கிளைகளின் 24 மாதக் கோடுகளை ஒரே சார்ட்டில் போட்டுப் பதில் தேடாதீர்கள், கோடுகள் சிக்கிக்கொள்ளும். ஐந்து சின்னச் சார்ட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கிளை, எல்லாம் ஒரே அளவில் வரிசையாக. ஐந்திலும் செங்குத்து அச்சின் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கவேண்டும். எக்செல் ஒவ்வொன்றுக்கும் தன் இஷ்டப்படி அச்சு வைக்கும், விட்டால் விருதுநகரின் மேடு மதுரையின் மேட்டைப் போலவே உயரமாகத் தெரியும். Minimum, Maximum இரண்டையும் ஐந்திலும் கையால் எழுதிவிடுங்கள்.

இந்த இடத்தில் மாதத்துக்கு ஒரு பட்டை வைத்து, அதற்குள் ஐந்து கிளைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் Stacked Column வகையை எடுக்கத் தோன்றும். அதில் மொத்த உயரம் தெரியும், அடியில் இருக்கும் கிளை தெரியும். நடுவில் இருப்பவை எல்லாம் மாதத்துக்கு மாதம் வேறு வேறு உயரத்தில் தொடங்குவதால், ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாது. மேலாளர் கேட்பதோ நடுவில் மாட்டிக்கொண்ட தூத்துக்குடியைப் பற்றி.

விற்பனையையும் விளம்பரச் செலவையும் ஒரே சார்ட்டில் கேட்டால், இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் ஓர் அச்சு என்று எக்செல் போட்டுக் கொடுக்கும். இரண்டு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்த வெட்டுமிடத்துக்கு ஏதோ பொருள் இருப்பதாகக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேச்சு ஓடும். ஓர் அச்சின் அளவை மாற்றினால் வெட்டுமிடமும் நகர்ந்துவிடும், அவ்வளவுதான் அதன் மதிப்பு. இரண்டு சார்ட்டுகளை மேலும் கீழுமாக வைத்து, மாதங்கள் நேர்நேராக வரும்படி செய்யுங்கள்.

## அனுப்பும் முன்

தலைப்பில் பதிலையே எழுதுங்கள். 'கிளைவாரி விற்பனை 2023–2024' என்பதற்குப் பதில் 'நான்கு கிளைகள் வளர்ந்தன, தூத்துக்குடி 7 லட்சம் சரிந்தது' என்று இருக்கட்டும். இப்படி எழுத வரவில்லை என்றால், பெரும்பாலும் கேள்வியும் சார்ட்டும் பொருந்தவில்லை என்று அர்த்தம். முதல் படிக்குத் திரும்பிப் போகவேண்டும்.

நிற விளக்கப் பெட்டியை எடுத்துவிட்டு, கோட்டின் முனையிலேயே கிளைப் பெயரை எழுதுங்கள். உங்கள் சார்ட்டை மேலாளர் வாட்ஸ்அப்பில் பார்க்கக்கூடும், அல்லது அலுவலகக் கருப்பு வெள்ளைப் பிரிண்டரில் எடுத்துப் பார்க்கக்கூடும். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல்தான். ஒரு தடவை கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள், பிரச்சினை உடனே தெரியும். அப்புறம் தலைப்பைக் கையால் மறைத்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் காட்டி "இதுல என்ன தெரியுது?" என்று கேளுங்கள். நீங்கள் எழுதிய தலைப்பையே அவர் வேறு வார்த்தையில் சொன்னால் சார்ட் சரி. "எதைப் பாக்கணும்?" என்று திருப்பிக் கேட்டால் வகையை மாற்றுங்கள்.

சார்ட்டை வேர்டு கோப்பில் ஒட்டும்போது Paste Options இல் Picture என்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. Embed Workbook என்று இருப்பதை எடுத்தால், சார்ட்டோடு அந்த எக்செல் கோப்பு முழுவதும் அறிக்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கத்து ஷீட்டில் கிளை ஊழியர்களின் சம்பளப் பட்டியல் இருந்தால், சார்ட்டை வலது சொடுக்கி Edit Data கொடுக்கிற யாரும் அதைப் பார்க்கலாம்.